அரங்கத்து ஷீட்டின் கடைசி வரி

அவரைத் தேட வேண்டுமென்றால் கட்டடத்தில் சத்தம் அதிகமாக இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் மேல்மாடியில் ஜன்னலில்லாத ஓர் அறை. உள்ளே ஒரு சின்ன லாரி அளவுக்குத் தகரப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, குளிர்வித்து, கீழே உள்ள அறைகளுக்கு அனுப்பும் பெட்டி. ஏ.எச்.யூ. என்பார்கள். அதன் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளியில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பார் நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். அவர்தான்.

சைட்டில் அவருக்கு வைத்த பெயர் ரீடெஸ்ட் அக்கா. முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். முதுகு திரும்பியதும் அக்கா. அவருக்கு அது தெரியும். தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒரு புதுக் கட்டடத்தில் சுவரை ஒருவர் எழுப்புவார், இயந்திரத்தை இன்னொருவர் மாட்டுவார், அந்த இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைப் புரோகிராமர் எழுதுவார். எல்லோரும் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்த பிறகு, சொன்னபடி நடக்கிறதா என்று கட்டடத்துக்காரர் சார்பில் பார்க்கிறவர் அக்கா. அதற்கு அவர் கையிலிருப்பது டெஸ்ட் ஷீட். ஒவ்வொரு வரியிலும் நாலு கட்டம்: என்ன செய்ய வேண்டும், என்ன நடந்தால் ஏற்றுக்கொள்ளலாம், என்ன நடந்தது, பாஸா ஃபெயிலா. ஷீட்டின் அடியில் இரண்டு கையெழுத்துகள். செய்தவர், பார்த்தவர்.

புகை வரியை எடுத்துக்கொள்வோம். குழாயில் உள்ள புகை சென்சாருக்குப் புகை காட்ட வேண்டும். விசிறி பத்து வினாடிக்குள் நிற்க வேண்டும். வெளிக்காற்றுக் கதவு மூடிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோல் ரூமில் அலாரம் வர வேண்டும். யாராவது கையால் ரீசெட் செய்யும்வரை விசிறி தானாக ஓடக் கூடாது. இந்த நாலில் மூன்று நடந்து ஒன்று நடக்காவிட்டால் அக்கா ஃபெயில் என்று எழுதுவார்.

"முக்காவாசி பாஸ்னு ஒண்ணு கிடையாதா மேடம்?" என்று ஒருமுறை ஒரு ஃபோர்மேன் கேட்டார்.

"லிஃப்ட் முக்கா மாடி ஏறி நின்னா எறங்கிடுவீங்களா?" என்றார் அக்கா.

அந்த ஃபோர்மேன் அதன்பிறகு லிஃப்டில் ஏறும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் சாப்பிடப் போகும்போது அக்காவைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அக்கா போயிருக்க மாட்டார். சோதிக்கிறவர் சோதிக்கப்படுகிறவரின் டீயைக் குடிக்கக் கூடாது என்று அவருடைய முதல் வேலையிலேயே சொல்லிவிட்டார்கள். இன்று டீ, நாளைக்குக் காரில் ஒரு லிஃப்ட், அப்புறம் ஷீட்டில் ஒரு டிக். கூட வேலை பார்த்த மற்றவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார்கள். அக்காவுக்கு மறக்கத் தெரியவில்லை.

கட்டடம் முடியும் நேரத்தில் வருவார். கூட்டம் வருவதற்குமுன் போய்விடுவார். மருத்துவமனைகள், அலுவலகங்கள், ஒரு விமான நிலையத்தின் பாதி என்று அவர் கையெழுத்துப் போட்ட கட்டடங்களில் ஒன்றைக்கூட ஆள் நிறைந்து பார்த்ததில்லை. நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையில் இருக்கும்போதே சைட்டுக்குள் நுழைய அவருக்குக் கொடுத்த பாஸ் காலாவதியாகிவிடும். அடுத்த ஊர், அடுத்த வாடகை அறை. அம்மா இருந்தவரை அறைக்கு அறை கூடவே வந்தார். புது ஜன்னலில் எந்தப் பக்கம் வெயில் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். அம்மா போய் நாலு வருஷம். தம்பி வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான். தம்பி மனைவி திரையின் ஓரத்தில் தலையைக் காட்டி, "அண்ணி, நல்லாருக்கீங்களா? அங்க காத்து வருதா?" என்பாள். அவர்கள் வீட்டில் அக்காவின் தொழிலைப் பற்றி இருந்த ஒரே ஜோக் அது. அக்கா ஒவ்வொரு வாரமும் அதற்குச் சிரித்தார்.

அறுநூறு பேர் உட்காரும் அந்த அரங்கத்துக்கு வந்தபோதும் அப்படித்தான் வந்தார். அங்கேதான் புரோகிராமர் இருந்தான்.

முப்பத்தாறு வயது. சத்தமாகப் பேசுவான். அந்த இயந்திர அறையில் அது வசதி. அவன் லேப்டாப்பின் விசைகளில் பாதி எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. முதல் நாளே, "மேடம், உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நான் கொஞ்சம் பயந்துட்டே வேலை செய்யறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். இரண்டாம் வாரத்தில், கட்டடத்திலேயே குளிர்ச்சியான இடம் ஏ.எச்.யூ. அறையின் வாசல்தான் என்பதை இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒரே இடத்தில் இருவர் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான் என்று அக்கா தனக்குள் விதியைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.

அவன் மகளைப் பற்றிப் பேசுவான். ஆறு வயது. அவன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம். முதலில் தினமும் வீடியோவில் வந்து பல் காட்டினாள், படம் காட்டினாள். பிறகு "அப்பாகிட்ட நான் வெளையாடறேன்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லியனுப்ப ஆரம்பித்தாள்.

"வெளையாடலீங்க மேடம். பக்கத்துலதான் உக்காந்திருக்கா. எனக்கு அவ கால் தெரியுது."

"குழந்தைங்க அப்படித்தான். நீ போய் நின்னா ஓடி வருவா."

"அதுதான் பயமா இருக்கு. ஓடி வரலன்னா?"

அக்கா தன் டிபன் பாக்ஸின் மூடியை அவன் பக்கம் தள்ளி, அதிலிருந்த அவித்த முட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இருபது வருஷத்தில் அவர் ஒரு கான்ட்ராக்டரின் ஆளோடு பங்கு போட்ட முதல் முட்டை அது.

அவனுக்கு லீவு கிடைத்தது. ஒரு நிபந்தனை. இரண்டு ஏ.எச்.யூ.க்களின் ஷீட்டும் கையெழுத்தாகி முடிய வேண்டும். இல்லாவிட்டால் லீவு இல்லை என்று அவன் முதலாளி எழுதியே அனுப்பிவிட்டார். ஒன்றாம் நம்பர், லாபி என்று அவர்கள் சொல்லும் வரவேற்புக் கூடத்துக்கான இயந்திரம். அது போன வாரமே முடிந்தது. இரண்டாம் நம்பர், அரங்கத்துக்கானது. அதில் விசிறி, புகை, வடிகட்டி அடைப்பு, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடுவது எல்லாம் பாஸ். பாக்கி கடைசி வரி. மறுநாள் காலை அவனுக்கு ரயில். அந்த வார இறுதியில் அரங்கத்துக்குத் திறப்பு விழா.

கடைசி வரி மூச்சைப் பற்றியது. அறுநூறு பேர் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், அவர்கள் வெளியே விடும் மூச்சால் அறையில் கார்பன் டையாக்ஸைடு ஏறும். அது ஏறினால் தலை கனக்கும், தூக்கம் வரும். அதனால் அரங்கத்தின் சுவரில் ஒரு சென்சார் இருந்தது. காலி அறையில் அது வெளிக்காற்றின் அளவையே, பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சத்தைக் காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால், வெளிக்காற்றை உள்ளே விடும் டாம்பர் என்ற தகடுக் கதவு இருபது சதவீதத்திலிருந்து மேலே திறக்க வேண்டும். வெளியே வெயில் எரிந்தாலும், உள்ளே போகும் காற்றின் குளிர் ஒரு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. அளவு இறங்கியதும் டாம்பர் மறுபடி இருபதுக்குத் திரும்ப வேண்டும். இதுதான் ஏற்பு நிபந்தனை. அக்காவே எழுதியது. 'சென்சாரில் அளவை உயர்த்தி' என்று தொடங்கும்.

அன்று பிற்பகல் புரோகிராமர் லேப்டாப்பில் சென்சார் இருந்த இடத்தைத் தொட்டு, 1200 என்று தட்டினான். தகடு முனகியது. இருபது, முப்பத்தைந்து, அறுபது. அவன் எழுந்து போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தகடு திரும்பியிருப்பதைக் காட்டினான். குளிர்காற்றின் அளவு அரை டிகிரி ஆடி நின்றது. 450 என்று தட்டினான். தகடு திரும்பி மூடிக்கொண்டு இருபதில் நின்றது.

"முடிஞ்சுது. பேனா வேணுமா மேடம், என்கிட்ட இருக்கு."

அக்கா பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"சென்சார்ல காட்டணும்பா."

"என்னது?"

"நீ லேப்டாப்ல போட்ட நம்பர் அது. சென்சார் அதச் சொல்லல. கீழ போய் சென்சார்ல காட்டிட்டு வந்துடலாம்."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான்.

"போன வாரம் லாபிக்கும் இப்படித்தான் செஞ்சோம். நம்பர் போட்டேன், டாம்பர் தெறந்துச்சு, நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

உண்மை. அன்று சாப்பாடு முடிந்த கையோடு அந்த வரிக்கு வந்தார்கள். அவன் மகளைப் பற்றிய ஏதோ ஒரு கதையின் நடுவில் இருந்தான். நல்ல கதை. அவன் நம்பரைத் தட்டினான், கதவு திறந்தது, அக்கா கதையைக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"போட்டது தப்பு" என்றார்.

"எனக்கு நாளைக்கு ரயில் மேடம்."

"தெரியும். அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷம்னா எதுக்கு இந்தப் பிடிவாதம்? தெறக்குதா இல்லையா, அதப் பாத்தாச்சுல்ல?" அவன் குரல் ஏறியது. விசிறிச் சத்தத்துக்காக ஏறியதல்ல. "ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு வீட்ல யாரும் காத்துட்டு இல்ல. அதனால ஒவ்வொரு வரிக்கும் உங்ககிட்ட நேரம் இருக்கு."

அக்கா பேனாவை மூடினார். பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையையும் ஒரு துண்டு ரப்பர் குழாயையும் எடுத்தார். "போன் போடறேன். நம்பரப் பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அரங்கத்தில் பாதி விளக்குகள்தான் எரிந்தன. நாற்காலிகள் உறை கழற்றப்பட்டுச் சிவப்பாக வரிசைகட்டி நின்றன. பக்கச் சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலே, வெள்ளைப் பெட்டியாகச் சென்சார். அக்கா அதன்மேல் பையைக் கவிழ்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழாயின் நுனியை உள்ளே விட்டு ஊதினார். மனிதன் வெளியே விடும் மூச்சு அந்தச் சென்சாரின் அளவையெல்லாம் தாண்டியது. இரண்டு மூன்று மூச்சுகளில் அது உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"என்ன காட்டுது?"

"நானூத்தி முப்பத்தாறு" என்றது போன்.

ஊதினார். கொஞ்சம் பொறுத்தார். இந்தச் சென்சார் உடனே காட்டாது, ஓரிரு நிமிஷம் எடுக்கும். மறுபடி ஊதினார். பை பனித்துப்போயிற்று.

"இப்போ?"

"நானூத்தி முப்பத்தாறு. மேடம், மூச்சு விடறீங்கதானே?"

"உள்ளயே வெச்சுக்க முடியுமா? விட்டுட்டுதான் இருக்கேன்."

"சென்சார் செத்துருக்கும். ஸ்டோர்ல ஒண்ணு இருக்கு, மாத்திடலாம், பத்து நிமி..." குரல் நின்றது. போனில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னப்பா?"

"மேடம். லாபில யாராவது இருக்காங்களா?"

அக்கா கதவு வழியாக எட்டிப் பார்த்தார். வரவேற்புக் கூடம் கண்ணாடிக்குப் பின்னால் காலியாகப் பளபளத்தது. "ஒரு ஈ கூட இல்ல."

"லாபி ரெண்டாயிரம் காட்டுது. ஒண்ணாம் நம்பர் டாம்பர் முழுசாத் தெறந்து நிக்குது."

இருவருக்கும் புரிந்துவிட்டது. விளக்க எதுவும் இல்லை. இரண்டு சென்சார்களின் கம்பிகளும் இடம் மாறியிருந்தன. விழா அன்று அரங்கத்துக்குள் அறுநூறு பேர் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்க, ஆளில்லாத வரவேற்புக் கூடத்துக்கு வெளிக்காற்று கொட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் எத்தனை முறை 1200 என்று தட்டினாலும் இது தெரிந்திருக்காது. போன வாரம் அக்கா லாபிச் சென்சாரில் ஒருமுறை ஊதியிருந்தால் தெரிந்திருக்கும். சரிசெய்ய ஒரு வாரம் இருந்திருக்கும்.

மேலே வந்தபோது புரோகிராமர் வரைபடத்தைத் தரையில் விரித்திருந்தான். நடுவில் ஒருமுறை அறைகளின் எண்களை மாற்றியிருக்கிறார்கள். கம்பி இழுத்தவர்கள் பழைய வரைபடத்தைப் பார்த்து லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். கம்பிகள் வந்து சேரும் பேனல் பெட்டியைச் செய்தவர்கள் புதியதைப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. இரண்டு பேரும் தங்களுக்குக் கொடுத்த காகிதத்தின்படி சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

"பேனல தொறக்க முடியாது" என்றான் அவன். "சீல் வெச்சுட்டுப் போயிட்டாங்க. எலக்ட்ரிக்கல் ஆளுங்க வந்தாத்தான். அவங்க திங்கக்கிழமைதான் வருவாங்க." கொஞ்சம் தணிந்த குரலில் தொடர்ந்தான். "ஆனா ரெண்டு கிளிக்ல புரோகிராம்ல மாத்திடறேன். இந்த நம்பர அங்க, அந்த நம்பர இங்க. நீங்க மறுபடி ஊதுங்க. சரியா வேலை செய்யும். எல்லாம் பாஸ்."

அது வேலை செய்யும் என்று அக்காவுக்கும் தெரியும். அதுதான் கஷ்டம்.

"அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் சென்சார் மாத்த வருவாரு" என்றார் மெதுவாக. "லேபிள் தப்பா இருக்கேன்னு பாத்துக் கம்பியச் சரிபண்ணுவாரு. நல்லதுதான் பண்ணுவாரு. அன்னிக்கு மறுபடி மாறிடும். யாருக்கும் தெரியாது."

"அஞ்சு வருஷம் கழிச்சு" என்றான் அவன். "என் பொண்ணுக்குப் பதினொரு வயசு."

லேப்டாப்பை மூடினான். மூடியது சத்தமில்லாமல்தான். ஆனால் சாப்பாட்டு நேரங்கள் முடிந்தன என்று அக்காவுக்குப் புரிந்துபோயிற்று.

கட்டடத்துக்காரரின் புராஜெக்ட் மேனேஜர் கீழே ஒரு தற்காலிக அறையில் உட்கார்ந்திருந்தார். விழா அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாக மேஜைமேல் இருந்தன. அக்கா இரண்டு ஷீட்டையும் அவர் முன்னால் வைத்தார். அரங்கத்தின் கடைசி வரியில் ஃபெயில். லாபியின் கடைசி வரியில், போன வாரம் போட்ட பாஸை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தையும் அன்றைய தேதியையும் போட்டிருந்தார்.

"இது என்ன, பாஸானத ஃபெயில் ஆக்கியிருக்கீங்க?"

"அது பாஸே இல்ல சார். லேப்டாப்ல நம்பர் போட்டுப் பாத்தோம். சென்சார்ல பாக்கச் சொல்லி நானே எழுதியிருக்கேன். பாக்காமக் கையெழுத்துப் போட்டது நான்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்களக் கூட்டிட்டு வந்ததே நீங்க எதையும் விடமாட்டீங்கன்னுதான்."

"ஆமா சார்."

"விழாவத் தள்ளி வெக்க முடியாது."

"தள்ள வேணாம். அரங்கத்து டாம்பர, ஆள் நெறஞ்சா எவ்வளவு வேணுமோ அந்த அளவுலயே பிடிச்சு வெச்சுடலாம். கரண்ட் கொஞ்சம் ஜாஸ்தி ஆகும், ஆனா காத்து கெடாது. விழா முழுக்க நானே உள்ள உக்காந்து கைமீட்டர்ல அளவு பாத்துக்கறேன். திங்கக்கிழமை கம்பிய மாத்தினதும் ரெண்டு யூனிட்டையும் ரீடெஸ்ட்."

"புரோகிராமர் இருக்கட்டும் திங்கக்கிழமை வரைக்கும்."

அக்கா இதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார். ஷீட்டின் குறிப்புக் கட்டத்தை விரலால் காட்டினார். அங்கே எழுதியிருந்தது: 'புரோகிராம் சரி. டாம்பரும் குளிர் அளவும் நிபந்தனைப்படி. கோளாறு கம்பி எண்ணில் மட்டும். முதல் சோதனையில் இது பிடிபடாமல் போனதற்குப் பொறுப்பு பார்த்தவர்.'

"அவர் வேலையில பாக்கி எதுவும் இல்ல. ரீடெஸ்டுக்கு அவங்க கம்பெனியிலேர்ந்து யார் வந்தாலும் போதும். ஃபெயில் என்னோடது. அவர் லீவு இதுல மாட்டக் கூடாது."

மேனேஜர் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தார். "இது ஃபைல்ல போகும், தெரியுமில்ல? அடுத்த பில்டிங்குக்கு யாரக் கூப்பிடலாம்னு பாக்கறவங்க இதப் படிப்பாங்க."

"படிக்கத்தானே சார் எழுதறது."

அவர் முன்னாலேயே அக்கா புரோகிராமரின் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி முதலில் ஷீட்டில் ஃபெயில் இருக்கிறதே என்றார். அக்கா குறிப்பைப் படித்துக் காட்டி, அரங்கத்து டாம்பரைப் பிடித்து வைக்க வேண்டிய அளவையும் சொன்னார். முதலாளி மறுமுனையில் கணக்குப் போட்டார். "நீங்களே பொறுப்புன்னு எழுதித் தந்தா எனக்கென்ன மேடம், போகட்டும்" என்றார்.

சேதியைச் சொல்ல மேலே ஏறியபோது இயந்திர அறையில் அவன் இல்லை. முதலாளி அதற்குள் கூப்பிட்டிருக்க வேண்டும். அரங்கத்து டாம்பர் சொன்ன அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. பேனல் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'கையால் வைத்தது, எடுக்காதீர்கள்' என்று அவன் எழுத்து. தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டுத்தான் போயிருந்தான். அக்காவுக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை.

விழாவுக்கு அக்கா தன்னிடம் இருந்த சேலைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தான் கையெழுத்துப் போட்ட ஒரு கட்டடத்தை ஆட்களோடு பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் முறை. இவ்வளவு சத்தம் வரும் என்று நினைத்திருக்கவில்லை. குழந்தைகள் நாற்காலியை மடக்கி விரித்து விளையாடின. ஒருவர் பேசினார், இன்னொருவர் பேசினார், ஒரு பெண் பாடினார். மடியில் வைத்த மீட்டர் அறுநூற்றைம்பது காட்டியது. எழுநூற்று எண்பது. எண்ணூற்று நாற்பதில் நின்றுகொண்டது.

பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, சுகர் மிஷினா?"

"இல்லீங்க. காத்து எப்படி இருக்குன்னு பாக்கறது."

"நல்லாத்தானே இருக்கு."

"ஆமா. நல்லாத்தான் இருக்கு."

அவர் சற்று யோசித்து, தன் மறுபக்கம் இருந்த மனைவியிடம் எதையோ சொன்னார். இருவரும் மேலே கூரையைப் பார்த்தார்கள். பிறகு பாட்டுக்குத் திரும்பினார்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனார்கள். அக்கா அளவு இறங்குவதைக் குறிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குள் விளக்கணைக்கிறவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை எலக்ட்ரிக்கல் ஆட்கள் சீலை உடைத்து, கம்பிகளை மாற்றி, லேபிள்களையும் மாற்றினார்கள். ரீடெஸ்டுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து வேறொருவர் வந்தார். நரைத்த மீசை. வார்த்தைகளை எண்ணிச் செலவழிக்கிறவர். முதல் வேலையாகப் பிடித்து வைத்த டாம்பரை விடுவித்தார். அக்கா கேட்பதற்குமுன் அவரே கீழே போய் லாபிச் சென்சாரில் பையைக் கவிழ்த்தார். ஊதினார். லாபி ஏறியது, லாபி டாம்பர் திறந்தது. அரங்கம் அசையவில்லை. பிறகு அரங்கத்தில் ஊதினார். அரங்கம் ஏறியது, அரங்கத்து டாம்பர் திறந்தது. குளிர் ஒரு டிகிரிக்குள் நின்றது. பையை எடுத்துக் காற்றாட விட்டதும் இரண்டும் இருபதுக்குத் திரும்பின. இரண்டு வரிகளும் பாஸ். அவர் கையெழுத்துப் போட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். சாப்பாட்டு நேரத்தில் தன் காருக்குப் போய்விட்டார்.

நுழைவுப் பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில், இயந்திர அறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புரோகிராமர்.

"அக்கா" என்றான். முதல் முறையாக முகத்துக்கு நேரே, அதாவது காதுக்கு நேரே. "நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்பா. பொண்ணு ஓடி வந்தாளா?"

"வரல. கதவுக்குப் பின்னால நின்னுட்டா. மூணு நாள் கிட்டயே வரல. சாப்பிடறப்போ நான் பாக்காதப்போ என்னையே பாத்துட்டு இருப்பா. அப்புறம் ஒரு நாள் என் செருப்பப் போட்டுட்டு வீடு பூரா நடந்தா. அதுலேர்ந்து விடமாட்டேங்கறா." மூச்சை இழுத்தான். "அன்னிக்கு நான் சொன்னது... சொல்லியிருக்கக் கூடாது."

"பொய் ஒண்ணும் சொல்லலியே."

"அதனாலதான் சொல்லியிருக்கக் கூடாதுங்கறேன்."

அக்கா பையின் வாரை இழுத்துக் கட்டினார்.

"முதலாளி ஃபைலைக் காட்டினாரு. பொறுப்புன்னு நீங்க எழுதினதப் படிச்சேன். லீவு முடிஞ்சு வந்ததும் நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தேன். ஆனா..." கொஞ்சம் தயங்கினான். "நான் வரல அக்கா. இங்கயே சர்வீஸ் வேலைக்கு மாத்தல் கேட்டேன், குடுத்துட்டாங்க. சம்பளம் கம்மிதான். தெனம் வீட்டுக்கு வந்துடலாம்."

"நல்ல வேலை பண்ண" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மனசார மகிழ்ந்தார். ஆனால் அடுத்த சைட்டில் மறுபடி சந்திக்கலாம் என்று தான் எண்ணியிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"ஷீட் என்னாச்சு?"

"ரெண்டும் பாஸ்."

"யார் செஞ்சா?"

"உங்க ஆளு ஒருத்தர். மீசைக்காரர். நல்லாச் செஞ்சார்."

"என்னைவிடவா?"

"பேசாமச் செஞ்சார்" என்றார் அக்கா.

அவன் சிரித்தான். பின்னணியில் ஒரு சின்னக் குரல் அவனை எதற்கோ கூப்பிட்டது, இரண்டாவது முறை இன்னும் சத்தமாக. "இருங்கக்கா, இவ விடமாட்டேங்கறா, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இயந்திர அறையின் விளக்கை அணைத்துவிட்டு, பாஸைக் கொடுக்கப் படியிறங்கினார்.